மூடப்பட்டது என்ற ஒரு சொல்

பக்கத்து அறையில் செலோடேப் கிழிபடும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து இரண்டாவது சத்தம்.

சுஹைரா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். ஒரு தாளுக்கு நான்கு மூலைகள். மூன்றாவதும் நான்காவதும் வரும்வரை அவள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தாள். வந்தன. அதன்பிறகு பக்கத்து அறையில் யாரும் கதைக்கவில்லை. மூன்று பேர் நாள் முழுக்கத் தொலைபேசியில் கதைப்பதற்கென்றே இருக்கும் அறை அது.

மாதத்தின் முதல் வேலைநாளில் அப்ராஸ் அந்தத் தாளை ஒட்டுவான். கொம்பியூட்டர் பார்க்கும் பொடியன். கொழும்பிலிருந்து வருவதை அச்சடித்து ஒட்டுவதோடு அவன் பொறுப்பு முடிந்துவிடும். இம்முறைக் கணக்கு சுஹைராவின் கைக்கு முந்தாநாளே வந்திருந்தது. தாளில் மூன்று பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு இலக்கம். வாடிக்கையாளர் திருப்தி.

நிப்றாஸ், நாலு தசம் ஒன்று. சனூஸா, மூன்று தசம் ஒன்பது. தனுஷிகா, இரண்டு தசம் இரண்டு.

தனுஷிகாவின் பெயர் சிவப்பில் இருந்தது. புள்ளி குறைந்து சிவப்பில் வருவது அவளுக்கு இது மூன்றாவது மாதம். மூன்று மாதம் சிவப்பில் நின்றவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அதற்காகத்தான் கொழும்பிலிருந்து தர மேற்பார்வையாளர் இஹ்ஸான் இன்றைக்கு வருகிறார்.

வீடுகளுக்கு இன்ரநெற் கொடுக்கும் ஒரு கம்பனியின் தமிழ் உதவிப் பிரிவு அது. உட்துறைமுக வீதியில் ஒரு மாடியில் இரண்டு அறைகள். யன்னலுக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள் நிற்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அதைப் பார்க்க நேரம் இருக்காது. யாருடைய வீட்டிலாவது லைன் அறுந்தால் அழைப்பு இங்கே வரும். முறைப்பாட்டுக்கு ஒரு இலக்கம் போடுவார்கள். அந்த இலக்கத்துக்கு இங்கே ரிக்கெற் என்று பெயர். வேலை முடிந்ததும் ரிக்கெற்றை மூடுவார்கள். மூடிய கையோடு வாடிக்கையாளருக்கு ஒரு மெசேஜ் தானாகப் போகும். எங்கள் சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை எத்தனை புள்ளி என்று அது கேட்கும். அந்தப் புள்ளி ரிக்கெற்றை மூடியவரின் பெயரில் விழும்.

சுஹைரா அந்தப் பிரிவின் பொறுப்பாளர். கிண்ணியாக்காரி. நாற்பத்து மூன்று வயது. பாலம் வருவதற்கு முந்திய காலத்தில் பாதை என்று ஊரில் சொல்லும் மிதவையில் ஏறிக் கடல் கடந்து படிக்கப் போனவள். பள்ளிக்கூடத்தில் தமிழ்க் கட்டுரைக்கு அவளுக்குத்தான் பரிசு. கல்யாண அழைப்பிதழா, பிரதேச செயலகத்துக்கு மனுவா, யாரும் இறந்தால் மௌத்து அறிவித்தலா, ஊரில் எவர் என்ன எழுதவேண்டுமென்றாலும் சுஹைராவின் வாசலுக்குத்தான் வருவார்கள். கணவர் கலீலுர் றஹ்மான் பகிடியாகச் சொல்வார்: "இவட பேனையில மை முடிஞ்சா கிண்ணியாவில ஒருத்தருக்கும் கல்யாணம் நடக்காது."

அந்தப் பேனையைப் பற்றி அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. இரண்டு நாளைக்கு முன்னர்வரை இருந்தது.

"ராத்தா." சுஹைராவை அக்கா முறையில் கூப்பிட்டபடி கதவில் நிப்றாஸ் நின்றான். "தனுஷிகா தாளப் பாத்திட்டு ஒண்டும் செல்லாம அடுத்த கோலை எடுத்திட்டா. நீங்க ஒருக்கா வாங்களன்."

சுஹைரா எழுந்து போனாள்.

தனுஷிகா நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபத்தாறு வயது. சாம்பல்தீவுக்கு அப்பால் சல்லியில் கடற்கரையோரம் வீடு. புருஷன் விட்டுவிட்டுப் போய் இரண்டு வருடம். திரையின் கீழ் விளிம்பில் மகளின் படம் ஒட்டியிருந்தது. நாலு வயதுப் பிள்ளை, இரண்டு கையிலும் சிப்பி. இந்த வேலை போனால் அடுத்து என்ன என்பது அந்த வீட்டில் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது. தாய் கோணேஸ்வரி ஏஜென்சிக்காரனிடம் கதைத்து முடித்து, பாஸ்போட்டும் எடுத்து அலுமாரியில் வைத்திருக்கிறாள். குவைத்தில் ஒரு வீட்டு வேலை. இரண்டு வருடம். மகள் அம்மம்மாவோடு.

"ஓம் ஐயா, விளங்குது ஐயா," தனுஷிகா ஹெட்செற்றில் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் ஒரு சிரிப்பு. கண்ணில் அது இல்லை. "நான் இப்பவே திருத்திற குழுவுக்கு அனுப்புறன். உங்களுக்கு ஒரு மெசேஜ் வரும்."

அந்தச் சிரிப்பு சுஹைராவின் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. போன மாதம் அதைச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "தனுஷிகா, உன்ட குரல்ல கொஞ்சம் சிரிப்பு வேணும். ஆக்கள் உன்னிலதான் குறை காணுறாங்க." அந்தப் பிள்ளை "சரி மிஸ், சிரிக்கிறன்" என்றுவிட்டுப் போனாள். லைன் அறுந்து இரண்டு நாள் கொதித்துப்போய் இருப்பவனின் காதுக்குள் அன்றிலிருந்து சிரிக்கிறாள்.

இஹ்ஸான் பதினொரு மணிக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கெட்ட மனிதர் என்று சொல்ல ஏலாது. வரும்போது எல்லோருக்கும் மஸ்கட் இனிப்பு வாங்கி வந்திருந்தார். சனூஸா ஒரு துண்டு எடுத்தாள். தனுஷிகா "பிறகு எடுக்கிறன் சேர்" என்றாள்.

சுஹைரா அவரைத் தன் அறையில் கதிரையில் இருத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள். மேசையில் இரண்டு நாளாக அவள் எழுதிச் சேர்த்த தாள்கள் இருந்தன.

"சேர், அந்தச் செவத்தப் பெயரைப் பத்தி முடிவெடுக்க முந்தி இதை ஒருக்கா பாருங்க. அரை மணித்தியாலம் தாங்க, போதும்."

"செல்லுங்க மிஸ்."

"போன மாசம் தனுஷிகா மூடினது நானூற்றிப் பன்னிரண்டு ரிக்கெற். அதில புள்ளி போட்டது எத்தன பேர் தெரியுமா? இருவத்தி மூணு பேர். மத்த முன்னூற்றி எண்பத்தொம்பது பேர் வாயே திறக்கல்ல. அந்த இருவத்தி மூணை வச்சு ஒரு பிள்ளையை நிறுக்க ஏலுமா?"

"குறைவுதான். ஆனா நிப்றாஸுக்கும் இருபத்தாறு பேர்தானே மிஸ். அவருக்கு நாலு வருதே?"

சுஹைரா இதை எதிர்பார்த்தே இருந்தாள். இரண்டாவது தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"எங்கட வேலையில ரெண்டு வகை இருக்கு. ஒண்டு, போனிலயே சரிப்பண்ணிக் குடுக்கிறது. பாஸ்வேர்ட் மறந்தது, ரவுட்டரை நிப்பாட்டிப் போடுறது. மத்தது, வயர் அறுந்தது. அதை நாங்க இங்க இருந்து திருத்த ஏலாது. திருத்திற குழுவுக்கு அனுப்புவம். அனுப்பினதும் எங்கட ரிக்கெற்றை மூடவேணும், அதுதான் விதி. அவங்க தங்கட பக்கத்தில புது இலக்கம் போடுவாங்க. அப்ப புள்ளி கேக்கிற மெசேஜ் எப்ப போகுது?"

இஹ்ஸான் யோசித்தார். "நீங்க மூடின உடன."

"ஓம். வீட்டில லைன் செத்துக் கிடக்கக்குள்ள. குழு வர ரெண்டு நாள் ஆகும். அதுக்குள்ள நாங்க கேக்கிறம், திருப்தியா எண்டு."

அவர் தாளைக் கையில் எடுத்தார். அதில் சுஹைரா இரண்டு நிரல் போட்டிருந்தாள். தனுஷிகாவின் இருபத்து மூன்று பதிலில் பத்தொன்பது வயர் அறுந்தவை. அவற்றின் சராசரி ஒன்று தசம் ஏழு. போனில் தீர்ந்தவை நாலு. சராசரி நாலரை. நிப்றாஸின் இருபத்தாறில் வயர் அறுந்தவை மூன்றே மூன்று. அவற்றின் சராசரியும் ஒன்று தசம் ஏழு. போனில் தீர்ந்த இருபத்து மூன்றுக்கு நாலு தசம் நாலு.

"ஒரே வகையை ஒரே வகையோட வச்சுப் பாருங்க சேர். ரெண்டு பேரும் ஒண்டு. மூணு பதிலைப் பெரிசா நம்ப ஏலாதுதான். ஆனா தனுஷிகா மோசம் எண்டு காட்ட இதில ஒண்டும் இல்ல. அவட தட்டில விழுந்த வேலைதான் வேற."

"ஏன் வயர் ரிக்கெற் எல்லாம் அவக்குப் போகுது?"

சுஹைரா மேசையில் கிடந்த மற்றத் தாள்களை அடுக்கினாள். "நான்தான் குடுத்தன். அவக்குப் பொறுமை கூட. கோவப்படுற ஆக்களோட அவ நல்லாக் கதைப்பா எண்டு."

பொறுமை இருந்ததற்கான தண்டனை. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இன்னொண்டும் இருக்கு," என்றாள். புள்ளியோடு ஆட்கள் எழுதி அனுப்பிய வசனங்களை அவள் ஒவ்வொன்றாகக் கையால் எழுதியிருந்தாள். கொழும்புக்குப் போகும் அறிக்கையில் வசனங்கள் போவதில்லை, இலக்கம் மட்டும்தான் போகும். "வாசிச்சுப் பாருங்க."

இஹ்ஸான் வாசித்தார். *ஏன் மூடினீங்கள்? ஆரைக் கேட்டு மூடினீங்கள்? லைன் வரவில்லை, அதற்குள் மூடியாச்சாம். பிள்ளையில் பிழையில்லை, கம்பனிதான் கள்ளன்.* கடைசி ஒன்று நீளமானது. கிண்ணியா, பெரியாற்றுமுனையில் ஒரு கடைக்காரர் எழுதியது. அவரைச் சுஹைரா நேற்றுத் தொலைபேசியில் கூப்பிட்டும் கதைத்திருந்தாள். இக்ராம் காக்கா என்று ஊரில் சொல்வார்கள்.

"காக்கா என்ன சென்னார் தெரியுமா? 'மகள், அந்தப் புள்ள தங்கமான புள்ள. எனக்கிட்ட கால் மணித்தியாலம் பொறுமையாக் கதச்சா. மறுகா போனப் பாக்கன், மூடப்பட்டது எண்டு வந்திரிக்கி. மூடுற எண்டா என்ன? கடைய மூடுவாங்க, செத்தவன வச்சிக் கப்ற மூடுவாங்க. என்ட முறைப்பாட்டத் தூக்கி எறிஞ்சிட்டாங்க எண்டுதானே நான் நெனச்ச. ஒண்டு போட்டன். அது கம்பனிக்குப் போட்ட ஒண்டு, புள்ளைக்கு இல்ல.' அவர் சென்னது இதுதான். அவ பெயர்ல அது விழும் எண்டு நான் சென்னதும் மனுசன் அழுறமாதிரி ஆகிட்டார். அந்த ஒண்டைத் திருப்பி எடுக்க ஏலுமா எண்டு கேக்கிறார்."

"ஏலாதே," என்றார் இஹ்ஸான் மெதுவாக.

"ஏலாது."

சுஹைரா போனைத் திறந்து காட்டினாள். *உங்கள் முறைப்பாடு மூடப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை புள்ளி வழங்குவீர்கள்?*

"சிங்களத்தில போற மெசேஜ் வேற மாதிரி சேர். உங்கட முறைப்பாட்டைக் கவனத்தில எடுத்திட்டம் எண்டு வருது. அங்கயும் இதே விதிதான், வயர் அறுந்தா அனுப்பிப்போட்டு மூடுறதுதான். ஆனா அந்த வகைக்கு அவங்களுக்கு மூணுக்கு மேல வருது. எல்லாம் இந்த ஒரு சொல்லாலதான் எண்டு நான் செல்லல்ல. அங்க குழு கெதியாப் போகுதோ தெரியாது. ஆனா எங்கட ஆக்கள் எழுதினதில பாதிக்கு மேல இந்தச் சொல் இருக்கு. ரெண்டு விசயத்தை மாத்தினாக் காணும். லைன் வந்த பிறகு புள்ளி கேக்கவேணும். இந்தச் சொல்லை எடுக்கவேணும். ஆளை மாத்தினா ஒண்டும் மாறாது. நாளைக்கு அந்தக் கதிரையில சனூஸாவை இருத்தினா அடுத்த மாசம் சனூஸா செவப்பு."

இஹ்ஸான் தாள்களை முதலிலிருந்து ஒருமுறை புரட்டினார். சுவருக்கு அப்பால் தனுஷிகாவின் குரல் தாழ்ந்து கேட்டது. ஓம் அம்மா. விளங்குது அம்மா. சிரிக்கிற குரல்.

"நீங்க செல்றது நூற்றுக்கு நூறு சரி மிஸ்," என்றார். "எனக்கு விளங்குது."

சுஹைராவுக்குக் கண் கலங்கியது. இரண்டு நாள் உறங்காத கண். அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொன்னாள். அந்த நாலு வயதுப் பிள்ளையின் சிப்பிப் படம் கண்முன்னே வந்து நின்றது.

இஹ்ஸான் மடிக்கணினியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். கேட்டுக் கேட்டு எழுதினார். என்ன நடந்தது, எப்போதிருந்து, எத்தனை ரிக்கெற். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது.

"என்ன சேர்?"

"காரணத்துக்குப் பொறுப்பானவர்ட பெயர்."

"இதில ஆளில்லையே சேர். விதி, மெசேஜ் போற நேரம், ஒரு சொல். இவ்வளவு நேரமும் அதைத்தானே கதைச்சம்."

"விளங்குது மிஸ். ஆனா இந்தக் கட்டம் வெறுமையா இருந்தா படிவம் போகாது. பாருங்க." அவர் அழுத்திக் காட்டினார். கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழுந்தது. "இது நான் செஞ்ச படிவம் இல்ல. பெயர் ஒண்டு வேணும்."

பெயர் ஒன்று கிடைத்தால் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். சுஹைராவுக்கு அது நன்றாகத் தெரியும். போன மாதம் தனுஷிகாவின் பெயரோடு அவளும் அப்படித்தான் தேடாமல் விட்டாள்.

"அந்தத் தமிழ் மெசேஜை எழுதினது ஆர் மிஸ்?" இஹ்ஸான் சாதாரணமாகத்தான் கேட்டார். "ரெக்கோர்ட்ல இல்ல. பழைய மெயில் எல்லாம் போயிட்டு."

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். தலைமை அலுவலகம் என்று சொன்னாலும் ஒருவரும் மறுக்கப்போவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னர் கொழும்பிலிருந்து ஆங்கில வசனத்தை அனுப்பி, உங்களுக்கு நல்ல தமிழ் வருமே, ஒருக்கா எழுதித் தாங்க என்று கேட்டார்கள். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அகராதி எடுத்துப் பார்த்தாள். ஆங்கிலத்தில் மூடுவது என்று இருந்தது, தமிழிலும் மூடுவது என்று போட்டாள். அச்சுக்கோத்த மாதிரி அழகாக இருந்தது. நாடு முழுக்கத் தமிழ் வீடுகளுக்கெல்லாம் தன் வசனம் போகிறது என்று நினைத்து அன்றைக்கு அவள் பால் விடாத பிளேன்டி இரண்டு குடித்தாள்.

அந்த வசனம் இரண்டு வருடமாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய்க் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்திருக்கிறது. அதற்கான ஏச்சு முழுவதும் சல்லிப் பெண்ணொருத்தியின் பெயரில் விழுந்திருக்கிறது.

"நான்தான் சேர்," என்றாள் சுஹைரா.

"மிஸ்..."

"என்ட பெயரைப் போடுங்க. போட்டா தனுஷிகாட பெயர் வராதுதானே?"

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு தட்டெழுதினார். சுஹைரா கலீலுர் றஹ்மான். சிவப்புக் கோடு மறைந்தது. படிவம் போயிற்று.

"சரி மிஸ். இது க்ளோஸ் ஆகிட்டு." சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு மடிக்கணினியை மூடினார். "உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒண்டு வரும். பெரிய விசயம் இல்ல. புது வசனத்தை எழுதி அனுப்புங்க, மொழிபெயர்ப்புக் குழு பாக்கும். மெசேஜ் நேரத்தை மாத்துறது சிஸ்டம்காரங்கட வேலை. அது ஆறேழு மாசம் எடுக்கும்."

"தனுஷிகா?"

இஹ்ஸான் பையைத் திறந்து ஒரு நீளக் கடித உறையை எடுத்தார். தனுஷிகாவின் பெயரிட்ட அதை மேசையில் வைத்தார்.

"இது ஒப்பந்தம் புதுப்பிக்கல்ல எண்ட கடிதம் மிஸ், முந்தாநாளே கையெழுத்தாகிட்டு. புள்ளி வந்த உடன தானா வாறது. நான் இப்ப போட்டது வேற படிவம், அது இதைத் தொடாது."

"அப்ப நீங்க என்னத்துக்கு என்ட கதையைக் கேட்டீங்க?"

"நீங்க அரை மணித்தியாலம் கேட்டீங்க மிஸ்." அவர் பையை மூடினார். "நீங்க செல்லச் செல்ல எனக்கும் ஒரு நப்பாசை. மேல கதைச்சா நிப்பாட்டலாமோ எண்டு. ஆனா மூணு மாசச் செவப்பை இதுவரைக்கும் ஒருத்தரும் நிப்பாட்டினதில்ல."

சுஹைரா உறையைத் தொடவில்லை. தொட்டால் அது தன்னுடையதாகிவிடும்போல் இருந்தது. அவள் பெயர் கொடுத்தாள். கொடுத்த பெயரை வாங்கிக்கொண்டார்கள். காப்பாற்ற நினைத்த பெயரையும் முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள். ஒரு பிழைக்கு இரண்டு பெயர்கள். பிழை மட்டும் இன்னும் ஆறேழு மாதம் ஒவ்வொரு வீட்டுக்கும் மெசேஜாய்ப் போய்க்கொண்டிருக்கும். அந்தக் கதிரையில் அடுத்ததாக யாரை இருத்துவது என்று நாளைக்குச் சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

"நீங்களே குடுங்க சேர்."

"பொறுப்பாளர்தான் குடுக்கவேணும் மிஸ். அதுவும் விதி."

அவர் எழுந்தார். அவளும் எழுந்தாள். இருவரும் பக்கத்து அறை வழியாகத்தான் போகவேண்டும். மஸ்கட் பெட்டியில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. மற்றவர்கள் தனுஷிகாவுக்காக விட்டு வைத்தது. சுவரில் தாள் அப்படியே இருந்தது. சுஹைரா போகிற போக்கில் கையை நீட்டி அதைப் பிய்த்தாள். மூன்று மூலைகள் வந்தன. நாலாவது மூலை கிழிந்து சுவரோடு நின்றுவிட்டது. மூலையில் கொம்பியூட்டரோடு இருந்த அப்ராஸ் செலோடேப்பை எடுத்து லாச்சிக்குள் போட்டான்.

தனுஷிகா ஹெட்செற்றைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சுஹைராவின் முகத்தில் பார்வை நின்றது. பார்த்தவுடனேயே தெரிந்துகொண்டாள்.

"மிஸ்," என்றாள், அந்தப் பழகிய சிரிப்போடு. "நான் சிரிச்சுத்தான் கதைச்சனான்."

"தெரியும் மகள்," என்றாள் சுஹைரா. அதுவரை அவளை மகள் என்று அவள் கூப்பிட்டதில்லை. "உன்னில ஒரு பிழையும் இல்ல. ஒண்டும் இல்ல."

"அப்ப ஏன் மிஸ்?"

உறை இன்னும் சுஹைராவின் மேசையிலேயே கிடந்தது; அவள் கையிலிருந்த தாளைக் கசக்கினாள். தனுஷிகாவின் திரையில் அடுத்த அழைப்பு மின்னியது. அவள் அதையே சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஹெட்செற்றைக் காதுக்கு ஏற்றினாள். "வணக்கம், தனுஷிகா கதைக்கிறன். உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

இஹ்ஸான் வாசலில் நின்று திரும்பினார். "வாறன் மிஸ்," என்றுமட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு அது. முதலில் மெதுவாக நகர்ந்தது. துறைமுகக் காற்று ஒரு கணம் உள்ளே வந்து மஸ்கட் பெட்டியின் மூடியை அசைத்தது. சுஹைரா கையில் கசங்கிய தாளோடு அந்த இடைவெளி ஒடுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.